எல்.எல்.ஆர். பரீட்சை: சட்டம் முதலில், சித்திரம் பிறகு

தாம்பரம் வட்டாரத்தில் குடியிருந்து, டி.என். 11 என்று தொடங்கும் எண்பலகையுடைய ஸ்கூட்டரையோ காரையோ ஓட்டப் பழக விரும்புகிற எவரும், சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு சிறு பரீட்சையைக் கடந்தாக வேண்டும். பழகுநர் உரிமம் என்று சட்டம் சொல்வதையும் எல்.எல்.ஆர். என்று ஊர் சொல்வதையும் பெறுவதற்கான அந்தப் பரீட்சையைப் பற்றி, 'அதெல்லாம் ஒன்றும் இல்லை, டிரைவிங் ஸ்கூல்காரர் பார்த்துக்கொள்வார்' என்று அலட்சியமாகப் பேசுவோர் ஒருபுறமும், சந்தைப் புத்தகங்களில் கண்ட நூற்றுக்கணக்கான கேள்விகளையும் உருப்போட முயன்று களைத்துப்போவோர் மறுபுறமும் இருக்கிறார்கள். இவ்விரு வகையினரும் கவனிக்கத் தவறுவது, அந்தப் பரீட்சை எதைச் சோதிக்கிறது என்னும் அடிப்படையான விஷயத்தை.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் பதினோராவது விதி அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சாலைச் சின்னங்களும் சமிக்ஞைகளும் சாலை விதிகளும் ஒன்று. தன் வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் ஒருவர் இறந்தாலோ காயமுற்றாலோ பிறர் சொத்துக்குச் சேதம் நேர்ந்தாலோ ஓட்டுநர் செய்ய வேண்டிய கடமைகள் மற்றொன்று. ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும்போது எடுக்க வேண்டிய ஜாக்கிரதைகள் மூன்றாவது. வண்டி ஓட்டும்போது உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் நான்காவது. கேட்கப்படுகிற கேள்விகளில் நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆதார் வழியாக விண்ணப்பித்து வீட்டுக் கணினியில் எழுதினாலும், அலுவலகத்துக்குச் சென்று திரையின் முன் அமர்ந்து எழுதினாலும், கேள்விகள் இந்த எல்லைக்குள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சில விடைகள் இருக்கும்; அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதற்குரிய நேரம் திரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எழுத வேண்டியதோ விளக்க வேண்டியதோ எதுவும் இல்லை.

இந்த நான்கு தலைப்புகளில் முதலாவதுதான் மிக விரிந்தது. சறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் சறுக்குகிறார்கள். அதனால் அதைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

சின்னங்களைக் கற்க வருகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம், சுவரில் மாட்டும் வண்ண அட்டை ஒன்றை வாங்கி, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒவ்வொரு சித்திரத்தையும் அதன் பெயரோடு மனப்பாடம் செய்வது. இந்த முறையில் உள்ள அபாயம் என்னவென்றால், கண் நடுவில் இருக்கிற சித்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியிருக்கிற சட்டத்தை விட்டுவிடுகிறது. பரீட்சைக் கேள்வியோ அந்தச் சட்டத்தில்தான் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. இடப்பக்கம் வளைந்த ஒரே அம்புக்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளிம்புள்ள முக்கோணத்துக்குள் அது இருந்தால், முன்னால் சாலை இடப்பக்கம் வளைகிறது என்ற எச்சரிக்கை. நீல வட்டத்துக்குள் வெள்ளை அம்பாக இருந்தால், இடப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும் என்ற கட்டளை. சிவப்பு விளிம்புள்ள வெள்ளை வட்டத்துக்குள், மேலே குறுக்காகச் சிவப்புக் கோடு விழுந்த கருப்பு அம்பாக இருந்தால், இடப்பக்கம் திரும்பவே கூடாது என்ற தடை. அம்பு ஒன்றுதான், ஆனால் ஒன்று சாலையின் தன்மையைச் சொல்கிறது, ஒன்று செய் என்கிறது, ஒன்று செய்யாதே என்கிறது. கேள்வியின் கீழே தரப்படுகிற விடைகளும் இந்த மூன்றையுமே ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். அம்பை மட்டும் பார்த்தவருக்கு மூன்றும் சரியாகத்தான் தோன்றும்.

ஆகையால் சின்னத்தை வெளியிலிருந்து உள்ளே படிக்கப் பழக வேண்டும். முதலில் வடிவம்: முக்கோணம் எச்சரிக்கிறது, வட்டம் கட்டளையிடுகிறது, செவ்வகம் தகவல் தருகிறது. அடுத்து வண்ணம்: வட்டத்துக்குள் சிவப்பு விளிம்பு பெரும்பாலும் தடையையோ வரம்பையோ குறிக்கிறது, முழு நீலம் கட்டாயத்தைக் குறிக்கிறது. அதற்கடுத்து கோடு, கடைசியாகத்தான் சித்திரம். சிவப்பு விளிம்புக்குள் 50 என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் போகாதே என்று பொருள். நீல வட்டத்துக்குள் அதே 50 இருந்தால் அதற்குக் குறையாதே என்று பொருள். ஹார்ன் படம் நீல வட்டத்தில் இருந்தால் ஒலி எழுப்பியே ஆக வேண்டும்; சிவப்பு விளிம்போடு குறுக்குக் கோடும் இருந்தால் எழுப்பவே கூடாது.

இந்த ஒழுங்குக்கு இரண்டு விலக்குகள் உண்டு. அவை இரண்டுமே பரீட்சைக்குப் பிரியமானவை. 'நில்' என்னும் சின்னம் எட்டு மூலைகளுடையது. 'வழி விடு' என்னும் சின்னம் தலைகீழாக நிறுத்திய முக்கோணம். முக்கோணமாக இருக்கிறதே என்று அதை எச்சரிக்கை வகையில் சேர்த்துவிடுகிறவர்கள் அநேகர். அது கட்டளை வகை. பின்புறமிருந்து பார்த்தாலும், சேறு படிந்து எழுத்து மறைந்திருந்தாலும், வடிவத்தைக் கொண்டே இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும் என்ற காரணத்தால்தான் இவ்விரண்டுக்கும் வேறெந்தச் சின்னத்துக்கும் இல்லாத வடிவம் தரப்பட்டிருக்கிறது.

சட்டத்தைச் சரியாகப் பார்த்த பிறகும் ஏமாற்றுகிற இணைகள் சில இருக்கின்றன. நீல வட்டத்தின் குறுக்கே ஒற்றைச் சிவப்புக் கோடு விழுந்திருந்தால் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், ஆளை இறக்கிவிடுவதற்காகக்கூட ஒரு கணம் நிற்கக் கூடாது. செவ்வகத்துக்குள் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் முதலுதவி நிலையம். கட்டில் இருந்தால் மருத்துவமனை. முக்கோணத்துக்குள் இரு கோடுகள் கீழே அகன்று மேலே குறுகிச் சென்றால் குறுகலான சாலை; கீழும் மேலும் அகன்று நடுவில் மட்டும் நெருங்கியிருந்தால் குறுகலான பாலம். வேலி போன்ற கேட் வரையப்பட்டிருந்தால் காவலாளி உள்ள ரயில்வே கேட். ரயில் எஞ்சின் வரையப்பட்டிருந்தால் காவலாளி இல்லாத கேட். எஞ்சினைப் பார்த்தவுடன் 'ரயில் நிலையம்' என்று விடையளிப்பது மிகச் சாதாரணமாக நேர்கிற பிழை. ரயில் நிலையம் எச்சரிக்கைக்குரிய விஷயம் அல்ல என்பதையும், முக்கோணம் எச்சரிக்கை மட்டுமே செய்யும் என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்தப் பிழை தானே விலகிவிடும்.

அடுத்தது விதிகள். இங்கே சிக்கல் வேறு விதமானது. சின்னக் கேள்வியில் அவசரமான கண் ஏமாறுகிறது; விதிக் கேள்வியிலோ பல வருஷங்களாகச் சாலையைப் பார்த்துப் பழகிய மனமே ஏமாற்றுகிறது. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் பிரயாணம் செய்கிற ஒரு மாணவர், நிற்கிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் இருசக்கர வாகனங்கள் இடப்புறமாகப் புகுந்து செல்வதையும், சந்திப்பில் நேராகப் போகிறவர்கள் நான்கு விளக்குகளையும் சேர்த்து மினுக்கவிட்டுப் போவதையும், கோடு போட்ட பாதசாரிக் கடவையில் மக்கள் காத்து நிற்க வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே கடப்பதையும் கண்டு கண்டு, இவைதாம் விதிகள் என்று தம்மையறியாமலே நம்பிவிடுகிறார். திரையில் கேள்வி வரும்போது அந்த நம்பிக்கை அவரைத் தவறான விடைக்கு இழுத்துச் செல்கிறது.

சட்டம் சொல்வது இதற்கு நேர்மாறானது. முந்துவது வலப்புறமாகத்தான்; ஆனால் முன்னால் போகிறவர் வலப்பக்கம் திரும்பப்போவதாகச் சமிக்ஞை காட்டிச் சாலையின் நடுவுக்கு நகர்ந்திருந்தால், அப்போது இடப்புறமாகச் செல்லலாம். நான்கு விளக்குகளும் சேர்ந்து எரிவது, பழுதாகி நின்ற வண்டி மற்றவர்களை எச்சரிப்பதற்காக. நேராகப் போவதற்கு எந்தச் சமிக்ஞையும் வேண்டியதில்லை. பாதசாரிக் கடவையில் ஒருவர் கடக்கக் காத்திருந்தால் வண்டியை நிறுத்தி அவரைக் கடக்கவிட வேண்டும். பார்வையற்ற ஒருவர் வெள்ளைக்கோலோடு சாலையைக் கடந்தால், அந்தக் கோலையே நிற்கச் சொல்லும் போக்குவரத்துச் சின்னமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வி பரீட்சையில் பல காலமாக இடம்பெற்று வருவது. ஹார்ன் அடித்துவிட்டு வேகத்தைக் குறைத்துச் செல்ல வேண்டும் என்ற விடை அதற்குப் பக்கத்திலேயே மிகவும் நியாயமானது போலக் காட்சியளிக்கும். பொதுவாகவே, ஹார்னை ஒரு தீர்வாகச் சொல்லுகிற விடையைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பது மற்றொரு வகை. கிழக்குத் தாம்பரத்திலோ சேலையூரிலோ சமிக்ஞை விளக்கு இல்லாத உள்தெருச் சந்திப்புகள் எத்தனையோ இருக்கின்றன. கிளைத்தெருவிலிருந்து பிரதான சாலைக்கு வருகிறவர், பிரதான சாலையில் போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். இரண்டுமே சமமான தெருக்களானால், தமக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். பெரிய வண்டிக்கு வழிவிட வேண்டும் என்றோ, முதலில் மூக்கை நுழைத்தவருக்கு வழிவிட வேண்டும் என்றோ எந்த விதியும் இல்லை. சமவெளியில் வாழ்கிற நம்மைத் தடுமாற வைக்கிற கேள்வி மலைச்சாலையைப் பற்றியது: குறுகலான சரிவில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியைத் திரும்பக் கிளப்புவதும், அது பின்னோக்கி உருளாமல் காப்பதும் கடினம் என்ற காரணத்தை அறிந்துகொண்டால், அந்த விடையை மறப்பதற்கில்லை. மினுக்கும் விளக்குகளும் அப்படித்தான்: சிவப்பு மினுக்கினால் நின்று, பாதுகாப்பு என்று கண்ட பிறகு செல்ல வேண்டும்; மஞ்சள் மினுக்கினால் வேகத்தைக் குறைத்து எச்சரிக்கையோடு செல்ல வேண்டும். ஒருவழிப்பாதையைப் பற்றிய கேள்வியில், நிறுத்துவது தடை, முந்துவது தடை என்ற விடைகளுக்கு நடுவே, பின்னோக்கி ஓட்டுவது தடை என்பதே சரியானது.

விபத்துக் கேள்வியில் இருக்கிற பொறி, பாதி உண்மையான விடை. 'உங்கள் வண்டி மோதி ஒருவர் காயமடைந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது என்று ஒரு விடை. வண்டியை நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்தில் தகவல் தருவது என்று ஒன்று. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது என்று ஒன்று. இரண்டாவது விடையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு முதலில் வைக்கிற கடமை, காயமடைந்தவரை மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ சேர்ப்பது. கும்பலின் ஆத்திரத்தாலோ தம் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ இயலாமற்போனால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. ஆகவே, முதல் சரியான வரியைக் கண்டவுடன் அதைத் தொடாமல், எல்லா விடைகளையும் கடைசிவரை படித்து, எது முழுமையானது என்று பார்க்க வேண்டும்.

ஆளில்லாத ரயில்வே கேட்டைப் பற்றிய கேள்வி, தாம்பரம் கடற்கரை மின்ரயில் பாதையை மட்டும் கண்டு வளர்ந்தவர்களுக்கு விநோதமாகத் தோன்றும். இந்தியாவின் அகலப்பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரியோடு நீக்கப்பட்டுவிட்டன. என்றாலும் சட்டத்தின் 131-ஆவது பிரிவு இருக்கிறவரை கேள்வியும் இருக்கும். வண்டியை நிறுத்த வேண்டும். உடன் வருகிற நடத்துநரோ உதவியாளரோ வேறொருவரோ இறங்கித் தண்டவாளம் வரை நடந்து சென்று, இருபுறமும் ரயில் வரவில்லை என்று கண்டு, வண்டியைக் கடத்திவிட வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். வண்டியில் அமர்ந்தபடியே இருபுறமும் பார்த்துவிட்டுச் செல்வது சரியான விடை அல்ல.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொந்த வண்டிக்கு ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகிய நான்கு. வாடகை வண்டிக்கு இவற்றோடு பெர்மிட்டும் எஃப்.சி.யும். சொந்த வண்டியைப் பற்றிய கேள்வியில் பெர்மிட்டைச் சேர்த்த விடை வந்தால் அது பொறி.

எதைக் கொண்டு படிப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை அவசியம். அலுவலக வாசல்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கிற சிறு புத்தகங்கள் பலவற்றில் காலங்கடந்த செய்திகள் இருக்கின்றன. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதி ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாக 2017 ஜூன் மாதத்தில் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு அபராதங்கள் மாறின. ஹெல்மெட் அணியாததற்கு அபராதம் நூறு ரூபாய் என்று அச்சிட்டிருக்கிற புத்தகத்தை உடனே ஒதுக்கிவிடலாம். இப்போது அது ஆயிரம். போக்குவரத்து அமைச்சகத்தின் sarathi.parivahan.gov.in என்ற தளத்தில் கிடைக்கிற பாடமும் மாதிரித் தேர்வுமே போதுமானவை. அவற்றுக்குக் கட்டணம் கிடையாது.

நாள்தோறும் ஒரு மணி நேரமாக ஒரு வாரம் ஒதுக்கினால் போதும் என்பது என் அபிப்பிராயம். சின்னங்களை அட்டையின் வரிசைப்படி படிக்காமல், ஒரு நாள் முக்கோணங்களை மட்டும், மறுநாள் சிவப்பு வட்டங்களை மட்டும், அதற்கடுத்த நாள் நீல வட்டங்களை மட்டும் என்று சட்டவாரியாகப் பிரித்துப் படித்து, பெயரை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். விதிகளைப் படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டலூர் வரை பஸ்ஸில் போகிற நாளில் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, ஜன்னல் வழியே தென்படுகிற பலகைகளை வடிவம், வண்ணம், கோடு, சித்திரம் என்ற வரிசையில் படித்துப் பாருங்கள். அந்தப் பழக்கம் பரீட்சைக்குப் பிறகும் உதவும்.

வாரத்தின் பிற்பகுதியில் மாதிரித் தேர்வுக்கு வரலாம். இங்கே மதிப்பெண்ணைவிடப் பிழைகளின் வகையே முக்கியமானது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், மாதிரித் தேர்வில் பதினைந்து கேள்விகளில் நான்கைத் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு அது போதும். ஆனால் அந்த நான்கையும் அவர் ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கிறார். குறுகலான பாலத்தைக் குறுகலான சாலை என்றார். நிற்கக் கூடாது என்பதை நிறுத்திவைக்கக் கூடாது என்றார். இரண்டும் கண்ணின் அவசரம். அந்த இணைகளைக் கையால் பக்கம் பக்கமாக இரண்டு முறை வரைந்தால் சரியாகும். விபத்துக் கேள்வியில் காவல் நிலையத்தோடு நிறுத்திக்கொண்டார். அது பாதி உண்மையில் மயங்கியது. விடைகளைக் கடைசிவரை படிக்கும் பழக்கம்தான் அதற்கு மருந்து. பாதசாரிக் கடவையில் ஹார்ன் அடித்துச் செல்லலாம் என்றார். அது தினசரி சாலை கற்றுக்கொடுத்த தவறான பாடம். அதை மாற்ற அந்த விதியின் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு பிழைகளுக்கும் சேர்த்து 'இன்னும் நன்றாகப் படி' என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு பயனும் விளைந்திராது.

பரீட்சையன்று தமிழையே மொழியாகத் தேர்ந்தெடுங்கள். சில வாக்கியங்கள் விறைப்பாக இருந்தாலும் தாய்மொழியில் 'கூடாது', 'வேண்டும்', 'தவிர' என்ற சொற்கள் சட்டென்று கண்ணில் படும். கேள்வியின் கடைசிச் சொல்லைப் படிக்காமல் விடைக்குப் போகாதீர்கள். தவறிவிட்டால் கட்டணம் செலுத்தி மறுபடியும் எழுதலாம். அதற்காகத் தரகர் எவரிடமும் பரீட்சையை ஒப்படைக்காதீர்கள், நீங்களே எழுதுங்கள்.

கையில் வருகிற எல்.எல்.ஆர். ஆறு மாதத்துக்குச் செல்லும். அந்தக் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தாக 'எல்' இருக்க வேண்டும். முறையான உரிமம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். இருசக்கர வாகனமானால் பின்னால் அந்தப் பயிற்றுநரைத் தவிர வேறெவரையும் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் கழிந்த பிறகுதான், வண்டியை ஓட்டிக்காட்டும் அடுத்த பரீட்சைக்குப் போகலாம்.